பிக்கப் வண்டி: வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா? ஒரு குன்னூர்க் கணக்கு

“மாதம் 22,000 ரூபாய் வாடகை. இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் எங்கள் பொறுப்பு. வாடகை முழுவதையும் செலவாகக் காட்டி வரியில் மிச்சம் பிடிக்கலாம் சார்.” குன்னூரிலோ கோத்தகிரியிலோ சரக்கு வண்டி எடுக்க நினைக்கும் வியாபாரியிடம் லீஸ் கம்பெனிக்காரர் சொல்வது இதுதான். அதே வண்டியின் விலை 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 10.9 சதவீத வட்டியில் 4 வருடக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 20,640 ரூபாய். வித்தியாசம் 1,360 ரூபாய்தான், அதிலேயே இன்சூரன்ஸும் சர்வீஸும் வந்துவிடுகின்றன. பிறகு யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். பெரும்பாலானோர் முடிவெடுப்பதும் இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துத்தான்.

அங்கேயே கணக்கு தவறிவிடுகிறது. வாடகை முழுவதும் செலவு, தவணை அப்படி இல்லை. தவணைக்குள் அசலும் இருக்கிறது, வட்டியும் இருக்கிறது. வட்டிக்கு வரிக்கழிவு உண்டு. அசலுக்குக் கிடையாது, அதற்குப் பதிலாகத்தான் வண்டி விலையை வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவில் கழிக்கும் தேய்மானம் வருகிறது. நான்கு வருடம் கழித்துத் தவணை கட்டியவர் கையில் வண்டி நிற்கும், வாடகை கட்டியவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆகவே இரண்டு பக்கத்தையும் ரூபாயாக மாற்றி, வரி போக நிகரமாக எவ்வளவு, எந்த வருடம் என்று பிரித்து, எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்கு, அதாவது பின்னால் வரும் பணம் இன்று எவ்வளவுக்குச் சமம் என்று வட்டியால் குறைத்துக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர எந்த வட்டியைப் பயன்படுத்துவது? வண்டி தேவையா, அதனால் வியாபாரம் பெருகுமா என்பது வேறு கேள்வி. அது முடிவாகிவிட்டது, இனி வண்டிக்கான பணத்தை வங்கியிடம் வாங்குவதா, லீஸ் கம்பெனியிடம் வாங்குவதா என்பதுதான் மிச்சம். லீஸ் வாடகையும் கடன் தவணையைப் போலவே தப்பாமல் கட்ட வேண்டிய பொறுப்பு. எனவே நமக்குக் கடன் கிடைக்கும் வட்டிதான் அளவுகோல், அதுவும் வரி போன பிறகு. நம் கணக்கில் வரும் நிறுவனம் ஒரு கூட்டாண்மை நிறுவனம். கூட்டாண்மைக்கு வரி 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. கட்டும் 10.9 சதவீத வட்டியில் அந்தப் பங்கு வரியில் திரும்பிவிடுவதால் உண்மைச் செலவு 7.5 சதவீதம்.

இதிலிருந்து ஒரு வசதி கிடைக்கிறது. வட்டிக்கான வரி மிச்சத்தைக் கழித்த பிறகு 48 தவணைகளையும் அதே 7.5 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், விடை கடன் தொகையான 8 லட்சமாகவே நிற்கும். ஆகவே ‘வாங்கும்’ பக்கத்தில் தவணையையே எழுத வேண்டாம், வட்டியையும் எழுத வேண்டாம். இன்று 8 லட்சம் வெளியே போகிறது என்று ஒரே வரியில் எழுதினால் போதும். தவணையையும் எழுதி, அதை மறுபடி வட்டியால் கழித்து, கூடவே 8 லட்சத்தையும் சேர்த்து வைத்திருக்கும் எக்செல் தாள்கள் நிறையவே புழங்குகின்றன. அவற்றில் வாங்குவது எப்போதும் தோற்கும்.

இனி அந்த நிறுவனம். குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் எடுத்து, பாக்கெட் போட்டு, மஞ்சூர், ஊட்டி, கூடலூர், மேட்டுப்பாளையம் கடைகளுக்குப் போடுகிறார்கள். பாக்கெட் தேயிலைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். விற்பது வரியுள்ள சரக்கு என்பதால், வாங்கும் சரக்கு வண்டிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, விற்பனைக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். கார் வாங்கினால் பொதுவாக இந்த வரவு கிடையாது, சரக்கு வண்டிக்கு அந்தத் தடை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. எனவே 8 லட்சத்தின்மேல் 1,44,000 கட்டுகிறார்கள், அது வரவாகத் திரும்புகிறது. விற்பனை வரி 5 சதவீதமே என்பதால் அந்த வரவு முழுவதும் தீர்ந்துபோகச் சில மாதங்கள் பிடிக்கலாம். அந்தத் தாமதத்தை இங்கே விட்டுவிடுகிறேன். வரவை எடுத்துவிட்டால் அந்த 1,44,000-க்குத் தேய்மானம் கேட்க முடியாது, தேய்மானம் 8 லட்சத்துக்கு மட்டுமே. லீஸ் வாடகைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதுவும் வரவாகிவிடும். ஆக இந்த நிறுவனத்துக்கு இரண்டு பக்கத்திலும் ஜிஎஸ்டியை மறந்துவிடலாம். ஓரிடத்தில் மட்டும் முடியாது, அதற்கு வருகிறேன்.

அடுத்தது தேய்மானம். தன் சரக்கைத் தானே கொண்டுபோகும் வண்டிக்கு வருமான வரிச் சட்டம் தருவது 15 சதவீதம், அதுவும் குறைந்துகொண்டே போகும் மதிப்பின் மீது. முதல் வருடம் 1,20,000, அடுத்து 1,02,000, பிறகு 86,700, நான்காம் வருடம் 73,695. நான்கும் சேர்ந்து 3,82,395 ரூபாய். ஏடுகளில் வண்டி இன்னும் 4,17,605 ரூபாய்க்கு நிற்கிறது. சந்தையிலோ நிகரமாக 3 லட்சம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், உண்மையில் தேய்ந்தது 5 லட்சம், வரித்துறை ஒத்துக்கொண்டது 3.82 லட்சம். லீஸுக்கு ஏதாவது வரி லாபம் இருக்கிறது என்றால் அது இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. வாடகை அந்தந்த வருடமே முழுச் செலவாகக் கழிகிறது, சொந்த வண்டியின் தேய்மானம் மெதுவாக நொண்டி நடக்கிறது. “வாடகை முழுவதும் செலவு” என்ற வாசகத்துக்குப் பின்னால் இருப்பது வேக வித்தியாசம் மட்டுமே. சொந்தக்காரருக்கும் கழிவு உண்டு, பின்னால் வருகிறது.

வருடத்தின் பிற்பாதியில் வண்டி எடுத்து, மார்ச் 31-க்குள் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டினால் முதல் வருடத் தேய்மானம் பாதிதான், அதாவது 60,000. வருடக் கடைசிச் சலுகையில் மயங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நான்கு வருடம் கழித்து விற்கும்போது இரண்டு நுணுக்கங்கள் வருகின்றன, பல கணக்குகளில் இரண்டுமே விடுபடுகின்றன.

முதலாவது, மறக்க முடியாது என்று சொன்ன ஜிஎஸ்டி. வாங்கும்போது வரவு எடுத்தவர், பழைய வண்டியை விற்கும்போது விற்பனை விலை முழுவதற்கும் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். பழைய வண்டி வாங்க வருகிறவர் பெரும்பாலும் சொந்தமாக ஓட்டும் டிரைவர் அல்லது காய்கறி ஏற்றுகிறவர். அவருக்கு வரவு எடுக்க வழி இல்லை, மொத்தமாக எவ்வளவு தருவது என்றுதான் பார்ப்பார். சந்தையில் வண்டி 3,54,000 போகிறது என்றால் அதற்குள் 54,000 ஜிஎஸ்டி அடங்கிவிடும், நிறுவனத்துக்கு நிற்பது 3 லட்சம். புரோக்கர் சொன்ன விலையை அப்படியே கணக்கில் போட்டால் 54,000 ரூபாய்ப் பொய் லாபம் உள்ளே வந்துவிடும்.

இரண்டாவது, ஏட்டு மதிப்புக்கும் விற்பனை விலைக்கும் இடையிலுள்ள 1,17,605 ரூபாய். இதை விற்ற வருடமே நஷ்டமாக எழுதிக் கழித்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. நம் வரிச் சட்டம் அப்படி விடாது. ஒரே தேய்மான விகிதம் உள்ள இயந்திரங்களும் வண்டிகளும் ஒரே தொகுதியாகப் பார்க்கப்படுகின்றன. பாக்கெட் போடும் மெஷினும் அதே 15 சதவீதத் தொகுதியில் இருப்பதால், விற்ற 3 லட்சம் தொகுதியிலிருந்து கழியும், மிச்சமான 1,17,605 அங்கேயே கிடந்து வருடாவருடம் 15 சதவீதம் தேய்ந்துகொண்டிருக்கும். அந்த நீண்ட வாலின் வரி மிச்சத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் 19,000 ரூபாய். தொகுதியில் இந்த ஒரு வண்டியைத் தவிர வேறெதுவும் இல்லாதவருக்கு நிலைமை இன்னும் மோசம். வண்டி போனதும் தொகுதி காலியாகி, அந்தத் தொகை குறுகிய கால மூலதன நஷ்டம் ஆகிவிடும். அதை மூலதன ஆதாயத்தில்தான் கழிக்கலாம், வியாபார லாபத்தில் கழிக்க முடியாது. நிலமோ பங்கோ விற்காத வியாபாரிக்கு அது பயன்படாது.

விற்பதை மார்ச்சில் செய்யாமல் ஏப்ரலுக்குத் தள்ளினால் நான்காம் வருடத் தேய்மானம் முழுதாகக் கிடைக்கும். மேலே போட்டிருப்பது அப்படித்தான்.

சொந்த வண்டிக்கு இன்சூரன்ஸும் சர்வீஸும் நம் செலவு. மலைக்கு ஏற்ப முதல் வருடம் 42,000, பிறகு 48,000, 60,000, 75,000 என்று ஏறுவதாகக் கொள்கிறேன். இவை வரிக்கழிவு உள்ள செலவுகள் என்பதால் 68.8 சதவீதமே நம் கையிலிருந்து போகிறது. வருடத்துக்குள் பரவி நடக்கும் வரவு செலவுகளை அந்தந்த வருடத்தின் நடுவில் நடப்பதாக எடுத்துக்கொண்டேன். வாடகை மாதாமாதம் போகிறது, வரி மிச்சமும் முன்கூட்டிய வரித் தவணைகளில் வருடத்துக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. மறுவிற்பனைப் பணத்துக்கு மட்டும் 7.5 சதவீதம் போதாது. அது வங்கித் தவணையைப் போல உறுதியானது அல்ல, சந்தையைப் பொறுத்தது. அதனால் அதற்கு 12 சதவீதம் போட்டேன்.

வாங்கும் பக்கம் இப்படி நிற்கிறது, எல்லாம் இன்றைய மதிப்பில், நூறு ரூபாய்க்கு முழுமையாக்கி:

| வாங்கினால் | ரூபாய் |
|---|---|
| வண்டி விலை | 8,00,000 |
| கழிக்க: 4 வருடத் தேய்மானத்தால் வரும் வரி மிச்சம் | 1,05,100 |
| கழிக்க: தொகுதியில் தங்கியதன் வரி மிச்சம் | 19,000 |
| கழிக்க: மறுவிற்பனை (நிகரம் 3 லட்சம்) | 1,90,700 |
| கூட்ட: இன்சூரன்ஸ், சர்வீஸ், வரி போக | 1,32,000 |
| நிகரச் செலவு | 6,17,200 |

லீஸ் பக்கம் எளிது. வருடத்துக்கு 2,64,000 வாடகை, வரி போக 1,81,632. நான்கு வருடத்துக்கும் இன்றைய மதிப்பு 6,30,700. ஆக வாங்குவது 13,500 ரூபாய் மலிவு.

எக்செல்லில் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்றைய மதிப்பைக் கணக்கிடும் அதன் `NPV` முதல் கட்டத்தையே ஒரு வருடம் தள்ளித்தான் எடுத்துக்கொள்ளும். இன்று கட்டும் 8 லட்சத்தை அதற்குள் போட்டுவிட்டால் வண்டி விலையே ஏறத்தாழ 55,800 ரூபாய் குறைந்து தெரியும். விலையை வெளியே வைத்து, வருட வரவு செலவை மட்டும் உள்ளே கொடுக்க வேண்டும். வருட நடுப்புள்ளிக்குக் கொண்டுவரப் பின்னால் ஒரு பெருக்கல்:

```
=NPV(7.5%,B2:E2)*(1+7.5%)^0.5
```

வருடக் கடைசியில்தான் எல்லாம் நடக்கிறது என்று சோம்பலாகப் போட்டிருந்தால், இதே எண்களில் லீஸ் 8,000 ரூபாய்க்கு மேல் மலிவாகத் தெரிந்திருக்கும். மாதாமாதம் முன்கூட்டியே கட்டும் வாடகையை வருடக் கடைசிக்குத் தள்ளுவது லீஸ் பக்கத்துக்கு நாமே கொடுக்கும் இலவசக் கடன்.

ஆறு லட்சத்தில் 13,500 என்பது ஒரு நூல் இடைவெளி. இதை வைத்து ‘வாங்கு’ என்று சொல்லிவிட முடியாது. எந்த எண் அசைந்தால் விடை கவிழும் என்று பார்க்க வேண்டும். இங்கே அந்த எண் மறுவிற்பனை விலை. நிகர விலை ஒரு லட்சம் இறங்கினால் வாங்கும் செலவு 47,400 கூடுகிறது. முழு லட்சமும் கூடாததற்குக் காரணம், பணம் வருவது நான்கு வருடம் கழித்து, தவிர தொகுதியில் தங்கும் தொகையும் அதனால் பெரிதாகிறது. இந்தக் கணக்கில் எல்லைக்கோடு நிகரம் 2,71,600, அதாவது சந்தை விலை ஏறத்தாழ 3,20,000. அதற்கு மேல் போனால் வாங்கியவருக்கு லாபம், கீழே போனால் லீஸ் எடுத்தவருக்கு லாபம்.

மலை வண்டி அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கும் என்பதற்கு ஆடிட்டரிடம் பதில் இல்லை, மெக்கானிக்கிடம் இருக்கிறது. குன்னூர் மேட்டுப்பாளையம் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது சுமையோடு இரண்டாம் கியரில் இழுப்பு, இறங்கும்போது அதே இரண்டாம் கியரில் என்ஜினையே பிரேக்காக வைத்துப் பிடிப்பு. அப்படிப் பிடிக்காமல் காலாலேயே பிரேக்கை அழுத்தி இறக்கும் டிரைவர் கையில் வண்டி இருந்தால், கல்லாறு வருவதற்குள் லைனிங் கருகும் வாடை அடிக்கும். கிலோமீட்டர் மீட்டரில் ஓட்டம் குறைவாகத்தான் இருக்கும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடிய மலை வண்டி, சமவெளியில் அதைப் போல இரண்டு மடங்கு ஓடிய வண்டியைவிட கிளட்சிலும் பிரேக்கிலும் கூடுதலாகத் தேய்ந்திருப்பது சாதாரணம்.

வாங்க வருகிற புரோக்கருக்கு இது தெரியும். நம்பர் பிளேட்டில் 43 என்று பார்த்தாலே நீலகிரி வண்டி என்று குனிந்து அடியில் பார்ப்பார். பிறகு வண்டியில் ஏறி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாம் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விடுவார். என்ஜின் திணறி அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது, விலையில் கை வைப்பார். ஆகவே 3,54,000 என்ற எண்ணை இணையத்தில் பார்த்த கோவை விலையிலிருந்து எடுத்தால் தப்பு. மலையில் நான்கு வருடம் ஓடி, அண்மையில் கைமாறிய இரண்டு மூன்று வண்டிகளின் விலையை உள்ளூர் பட்டறையில் கேட்பதே சரி. அது 2,95,000 என்றால் நிகரம் 2,50,000, அப்போது லீஸ்தான் 10,000 ரூபாய் மலிவு.

இந்த இடத்தில் ‘அப்படியானால் மலைக்கு லீஸ்தான் நல்லது, தேய்மானத் தலைவலி அவர்களுக்கு’ என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். லீஸ் கம்பெனியும் அந்தத் தலைவலியை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ‘சர்வீஸ் உட்பட’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று வரி வரியாகப் படிக்க வேண்டும். ஆயில் மாற்றுவது, ஃபில்டர், கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் செக்கப், இவை இருக்கும். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், டயர் ஆகியவை தேய்மானப் பொருட்கள் என்று வெளியே நிறுத்தப்பட்டிருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. சமவெளிக்காரருக்கு அது சின்ன விஷயம், நமக்கு அதுதான் சர்வீஸே. வருடத்துக்கு 15,000 ரூபாய் இப்படி வெளியே நின்றால், வரி போக நான்கு வருடத்துக்கு இன்றைய மதிப்பில் 35,800 ரூபாய் லீஸ் பக்கத்தில் ஏறும். நம் 13,500 வித்தியாசத்தைவிட அது இரண்டரை மடங்கு.

திருப்பிக் கொடுக்கும் நாளில் இன்னொன்று இருக்கிறது. பரிசோதகர் ஒரு தாளோடு வந்து பம்பர் கீறல், கதவு நசுங்கல், சரக்குத் தொட்டியின் பக்கப் பலகை வளைவு என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார். ‘இயல்பான தேய்மானம்’ போக மீதி நம் பில். சந்துகளில் எதிர் வண்டிக்கு ஒதுங்கி சுவரோடு உரசும் வண்டியில் கீறல் இல்லாமல் இருக்காது. 25,000 ரூபாய் பில் வந்தால் இன்றைய மதிப்பில் சுமார் 12,900. எது இயல்பு, எது சேதம் என்று அளவோடும் படத்தோடும் ஒப்பந்தத்தில் இல்லை என்றால் அந்தச் சொல்லுக்கு அன்றைக்குப் பொருள் சொல்வது அவர்கள்தான்.

இதுவரை பார்த்தது 31.2 சதவீத வரி கட்டும் நிறுவனம். அதே வண்டி, அதே 22,000 வாடகை, ஆனால் எடுப்பவர் ஊட்டியில் கேரட்டும் பீட்ரூட்டும் சொந்தமாக வாங்கி விற்கும் ஒரு தனி வியாபாரி என்று வைப்போம். அவருக்கு எல்லாமே மாறிவிடுகிறது. ஃபிரெஷ் காய்கறிக்கு ஜிஎஸ்டி விலக்கு, அதை மட்டும் விற்பவர் பதிவே செய்ய வேண்டியதில்லை, வரவும் எடுக்க முடியாது. ஆகவே வண்டி அவருக்கு 9,44,000, வாடகை 25,960, சர்வீஸ் பில்லிலும் 18 சதவீதம் கூடும். வருமான வரியில் அவர் உத்தேச வருமானத் திட்டத்தில் இருப்பார். விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் என்றால் 3 கோடி வரை) விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டி வரி கட்டும் ஏற்பாடு அது. கமிஷன் மண்டிக்காரருக்கு அந்தத் திட்டம் கிடையாது, சொந்தமாக வாங்கி விற்பவருக்கே.

அந்தத் திட்டத்தில் எல்லாச் செலவும் தேய்மானமும் ஏற்கெனவே கழித்ததாகப் பொருள். வாடகை கட்டினாலும் வரி ஒரு ரூபாய் குறையாது, தேய்மானத்தாலும் குறையாது. “வாடகை முழுவதும் செலவு” என்ற வாசகம் அவரிடம் சொல்லப்பட்டால் அதற்கு மதிப்பு பூஜ்யம். வட்டியிலும் வரி மிச்சம் இல்லாததால் அவருடைய அளவுகோல் முழு 10.9 சதவீதம். பதிவு இல்லாததால் பழைய வண்டியை விற்கும்போது ஜிஎஸ்டி கட்ட வேண்டாம், 3,54,000-மும் அவர் கைக்கே வரும். கூட்டிப் பார்த்தால் வாங்கும் செலவு சுமார் 9,31,000, லீஸ் சுமார் 10,20,000. கூட்டாண்மை நிறுவனத்துக்கு நூல் இடைவெளியாக இருந்தது இவருக்கு 89,000 ரூபாயாகிவிட்டது. வண்டி அதே, ஒப்பந்தம் அதே. பக்கத்துக் கடைக்காரர் லீஸ் எடுத்தார், நாமும் எடுப்போம் என்பது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வண்டியை வாடகைக்கு ஓட்டுவதே தொழில் என்றால் தேய்மான விகிதம் 30 சதவீதம். நம் நிறுவனத்தைப் போலவே வரி கட்டும் ஒருவருக்கு, வாங்கும் பக்கம் அதனால் இன்னும் 25,000 ரூபாய் மலிவாகும். தேய்மானம் வேகமாக நடக்கும்போது லீஸின் வரி லாபம் கரைந்துவிடுகிறது.

இன்னொரு முடிச்சு. ‘லீஸ்’ என்று தலைப்பில் எழுதியிருந்தாலும், கடைசியில் பெயருக்கு ஒரு தொகை கட்டினால் வண்டி நம்முடையது என்று உள்ளே இருந்தால் வரித்துறை அதைத் தவணை முறை வாங்கலாகப் பார்க்க இடமுண்டு. அப்போது வாடகை முழுவதும் செலவாகாது, நாம் தேய்மானத்துக்குப் போக வேண்டும், மேலே போட்ட லீஸ் வரி எல்லாம் மாறும். உண்மையான லீஸில் தேய்மானம் கம்பெனிக்குப் போகும். ஆர்சி புத்தகத்தில் நம் பெயர் இருப்பதால் மட்டும் அது நம்முடையதாகாது. வண்டிகளை லீஸுக்கு விட்ட ஒரு நிறுவனத்தின் வழக்கில் 2013-இல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது. பதிவு லீஸ் எடுத்தவர் பெயரில் இருந்தாலும் தேய்மானம் கேட்கும் உரிமை லீஸ் விட்டவருக்கே என்றது தீர்ப்பு.

பேரம் பேசப் போகும்போது இந்தக் கணக்கு ஒரு எண்ணைக் கையில் தருகிறது. தேயிலை நிறுவனத்துக்கு மாத வாடகையில் 470 ரூபாய் இறங்கினால் 13,500 வித்தியாசம் மறைந்து இரண்டு வழியும் சமமாகிவிடும். அந்த 470-ஐக் கேட்க மலைக்காரருக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. லீஸ் வாடகையில் மாதத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு அடங்கியிருக்கும், அது சமவெளி ஓட்டத்தை மனதில் வைத்துப் போட்டது. மீறினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூடுதல் வாங்குவார்கள், மிச்சம் வைத்தால் திருப்பித் தருவதில்லை. 2,500 வரம்பு உள்ள ஒப்பந்தத்தில் 1,500 மட்டும் ஓட்டுகிறவர் ஓடாத ஆயிரம் கிலோமீட்டருக்கும் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார். வரம்பை 1,500-க்கு இறக்கி, அதற்கேற்ப வாடகையைக் குறைத்து, கிளட்ச் பிளேட்டையும் லைனிங்கையும் சர்வீஸுக்குள் சேர்த்து எழுத்தில் தரச் சொல்ல வேண்டும். வாடகையை மட்டும் குறைத்துக்கொண்டு கிளட்சை வெளியே விடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளக் கூடாது. மாதம் 470-க்காக, அதாவது மொத்தம் 13,500-க்காக, 35,800-ஐ விடுவதாகிவிடும்.